சுருக்கத்தில் ஒரு எண், அட்டவணையில் வேறு எண்: எதை நம்பி மதிப்பெண் போடுவது?

கேள்வி: மாணவர் அறிக்கையில் சுருக்கம் வலிமை 13% கூடியது என்கிறது, உள்ளே 15% என்று இருக்கிறது. எப்படித் திருத்துவது?

அட்டவணையிலிருந்து தொடங்குங்கள், அளவீட்டுக்கு மிக அருகில் இருப்பது அதுதான். சிலிக்கா ஃபியூம் கலந்த கான்கிரீட் என்று வைத்துக்கொள்வோம். மூன்று சோதனைக் கனசதுரங்களின் வலிமை 35.9, 36.6, 37.9 மெகாபாஸ்கல். சராசரி 36.8, சரி. சாதாரணக் கலவை 32.0. வித்தியாசம் 4.8, அதை 32.0-ஆல் வகுத்தால் 15%. அப்புறம் 13% எங்கிருந்து வந்தது? 36.8-ஆல் வகுத்துப் பாருங்கள், வந்துவிடும். அடிப்படையை மாற்றி வகுத்திருக்கிறார். இது தட்டச்சுப் பிழையல்ல, கருத்துப் பிழை. அதற்கேற்ப ஒருமுறை மட்டும் மதிப்பெண் குறைப்பேன். 14.8-ஐ 15 என்று முழுமையாக்கியிருந்தால் குறைக்க மாட்டேன். இரண்டு எண்ணுமே அட்டவணையிலிருந்து வராவிட்டால், ஆய்வகக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்குங்கள்.