சேமலாப நிதியை எடுத்துத் தொழில் தொடங்கலாமா?

கேள்வி: களுவாஞ்சிகுடிப் பக்கம் இருக்கிறேன், வயது 46. தொழிற்சாலையில் 12 வருடம் வேலை செய்தேன், கடைசிச் சம்பளம் 44,000. இருதய வருத்தம் என்று தெரிந்ததும் நாலு மாதத்துக்கு முன் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கச்சான் பக்கெற் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்க யோசனை. அதற்கு ஊழியர் சேமலாப நிதியை எடுக்கவா, மனைவி பேரில் குழுக் கடன் வாங்கவா?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்களுக்கு வரவேண்டிய இன்னொரு காசு இருக்கிறது, பணிக்கொடை. அது கிடைத்ததாக நீங்கள் எழுதவில்லை.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, ஒவ்வொரு முழு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். நீங்களாக விலகினாலும் அந்த உரிமை போகாது. ஓவர்டைம் கணக்கில் வராது. அது இல்லாமலே 44,000 என்றால், 22,000 வீதம் 12 வருடத்துக்கு 2,64,000 ரூபா. நீங்கள் விலகி 30 நாளுக்குள் முதலாளி இதைக் கட்டியிருக்க வேண்டும். நாலு மாதம் ஆகிவிட்டது. சம்பளச் சீட்டு, விலகல் கடிதத்தின் பிரதி இரண்டையும் எடுத்துக்கொண்டு மட்டக்களப்பு தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். பிந்தியதற்குத் தண்டப்பணமும் சேரும்.

ஊழியர் நம்பிக்கை நிதியம் வேறு. முதலாளி மாதாமாதம் போட்ட 3 வீதம் அங்கே கிடக்கிறது. வேலையை விட்டவர் 55 வயதுவரை காத்திராமல் அதை எடுக்கலாம். ஆனால் 5 வருடத்துக்கு ஒருமுறைதான்.

சேமலாப நிதியை ஆண்கள் சாதாரணமாக 55 வயதில்தான் எடுக்கலாம். வருத்தத்தைக் காட்டி முன்னரே எடுப்பதென்றால், இனி எந்த வேலையும் நிரந்தரமாகச் செய்ய முடியாது என்று வைத்தியர் சான்று தர வேண்டும். இருந்த இடத்தில் பக்கெற் போடக்கூடியவருக்கு அந்தச் சான்று கிடைப்பது கஷ்டம். அதற்காக இல்லாததை எழுதச் சொல்லி யாரிடமும் போகாதீர்கள். அது அங்கேயே வட்டியோடு இருக்கட்டும்.

குழுக் கடனை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் கிழமைக் கட்டு. கடைக்காரர் உங்களுக்குக் காசு தர இரண்டு கிழமை எடுப்பார். கடன்காரர் அடுத்த கிழமையே வாசலுக்கு வருவார். மனைவி கட்டப் பிந்தினால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் கட்ட வேண்டும். இருதய வருத்தக்காரர் வீட்டுக்கு அந்தச் சண்டை வரக்கூடாது.

சரி, கச்சானுக்கு வருவோம். விலைகளை நான் உதாரணத்துக்குத்தான் போடுகிறேன், உங்கள் சந்தை விலையை வைத்து மாற்றிப் பாருங்கள். வறுத்த கச்சான் கிலோ 1,150. பக்கெற்றும் லேபிளும் 100, கொண்டுபோய்க் கொடுக்க 50. ஆக 1,300. 25 கிராம் பக்கெற் 40 வரும். கடைக்கு 40 ரூபாவுக்குக் கொடுத்தால் 1,600. கிலோவுக்கு 300 மிஞ்சும். நாளுக்கு 3 கிலோ என்றால் 900, மாதம் 25 நாளுக்கு 22,500.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 120 பக்கெற்றில் 12 திரும்பி வந்தால் 480 ரூபா போய்விடும். 900 ரூபா இலாபம் 420 ஆகிவிடும். பத்தில் ஒன்று திரும்பினாலே இலாபத்தில் பாதிக்குமேல் போய்விடுகிறது. மாரி காலத்தில் ஈரம் ஏறிக் கச்சான் நமர்த்து, சிக்கு வாடை வரும்; திரும்பி வருவதும் அப்போது கூடும். மெழுகுதிரியில் உருக்கி ஒட்டாமல் சீலர் வாங்குங்கள். ஒட்டிய பக்கெற்றைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் அந்த ஒட்டு சரியில்லை. நாளுக்கு ஒன்றிரண்டாவது இப்படிச் சோதியுங்கள். லேபிளில் காலாவதித் திகதி கட்டாயம் வேண்டும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் முதலே கதைத்துவிடுங்கள்.

வறுப்பதை நீங்கள் செய்ய வேண்டாம். மணல் சட்டியின் வெக்கையில் நின்று கிண்டுவது மூட்டை தூக்குவதற்குக் குறைந்ததல்ல. வறுத்ததையே வாங்குங்கள், மூட்டையாக இல்லாமல் ஐந்து ஐந்து கிலோவாக. அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம், 'எத்தனை கிலோ தூக்கலாம், வெயிலில் சைக்கிள் மிதிக்கலாமா' என்று இந்த இரண்டையும் நேராகக் கேளுங்கள். இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை போடுகிறீர்கள் என்றால், பின்னால் பாக்கு வெட்டுவது, மரமுந்திரிகை உடைப்பது போன்ற கத்தி வேலைக்கு மாறிவிடாதீர்கள். சின்ன வெட்டுக்கும் இரத்தம் இலேசில் நிற்காது.

பணிக்கொடை கைக்கு வந்ததும் 30,000க்கு மேல் இதில் போடாதீர்கள். மிச்சத்தில் மூன்று மாத வீட்டுச் செலவையும், கிளினிக்கில் இல்லாமல் வெளியில் வாங்க வேண்டிவரும் மருந்துக்கான காசையும் வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். முதல் மாதம் ஐந்து கடை, நாளுக்கு ஒரு கிலோ போதும். கொடுத்தது, திரும்பியது, வந்த காசு மூன்றையும் கொப்பியில் எழுதி வாருங்கள். திரும்புவது நூற்றுக்கு மூன்றுக்குள் நின்றால் ஆறாவது கடைக்குப் போகலாம்.