குறும்படப் போட்டியின் வரவேற்புரை: இரண்டு நிமிடத்தில் எதைச் சொல்வது?

கேள்வி: மும்பையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரித் தமிழ் மன்றத்தின் குறும்படப் போட்டியைத் தொகுத்து வழங்கப் போகிறேன். ஒன்பது படங்கள், ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள். வரவேற்புரைக்கு இரண்டு நிமிடம் தந்திருக்கிறார்கள். நான் எழுதியது ஐந்து நிமிடம் வருகிறது. ஒரு நடுவருக்கும் பார்வையாளர்களில் பலருக்கும் தமிழ் தெரியாது. எதை வைக்கலாம், எதை வெட்டலாம்?

பதில்: மேடையில் நிதானமாகத் தமிழ் பேசுபவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 முதல் 100 சொற்கள்தான் சொல்ல முடியும், கைதட்டலுக்கும் இடம் விட வேண்டும் என்பதால், உங்கள் உரை 150 சொற்களைத் தாண்டக் கூடாது. திரைக்கலையின் பெருமையைச் சொல்லும் பத்தியை முதலில் எடுத்துவிடுங்கள். விருந்தினரின் வாழ்க்கைக் குறிப்பை அவரை அறிமுகப்படுத்துபவரிடமும், நன்றியை நன்றியுரை ஆற்றுபவரிடமும் விட்டுவிடலாம். மீதமிருப்பது ஒரு தொடக்கச் செய்தி, வரவேற்பு, பார்வையாளர் அறிய வேண்டிய இரண்டு மூன்று விவரங்கள் ஆகியவை மட்டுமே.

தொடக்கத்துக்கு உங்கள் ஊரிலேயே நல்ல செய்தி இருக்கிறது. இப்படிப் பேசிப் பாருங்கள்:

“அனைவருக்கும் வணக்கம். சர்வான்னா நமஸ்கார். 1896 ஜூலை 7 அன்று, இதே மும்பையில், வாட்சன் ஹோட்டலில் லூமியேர் சகோதரர்களின் ஆறு படங்கள் காட்டப்பட்டன. நம் நாட்டின் முதல் திரையிடல் அது. ஒவ்வொரு படமும் ஏறத்தாழ ஒரு நிமிடமே ஓடியது. இன்று நம் மாணவர்கள் எடுத்த ஒன்பது குறும்படங்களைப் பார்க்கப் போகிறோம். தலைமை விருந்தினர் அவர்களையும், நடுவர்களையும், முதல்வர் அவர்களையும், பேராசிரியர்களையும், படம் எடுத்தவர்களையும், பார்க்க வந்திருக்கும் உங்களையும் தமிழ் மன்றத்தின் சார்பில் வரவேற்கிறேன். ஐந்தாவது படத்துக்குப் பின் பத்து நிமிட இடைவேளை உண்டு. படத்தின் இறுதியில் பெயர்கள் ஓடி முடிந்த பிறகு கைதட்டுங்கள். கைபேசித் திரைகளை அணைத்துவிடுங்கள். இதோ, முதல் படம்.”

விருந்தினர், நடுவர்களின் பெயர்களைச் சேர்த்தாலும் இது இரண்டு நிமிடத்துக்குள் அடங்கும். (காலா கோடாவில் இருக்கும் எஸ்பிளனேட் மேன்ஷன்தான் அந்த ஹோட்டல் என்பதையும் சொல்லத் தோன்றும், நேரம் இடம் தராது.) தமிழ் தெரியாதவர்களுக்காக முழு உரையையும் மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிப்பாகிவிடும். இடைவேளை, கைதட்டல், கைபேசி பற்றிய மூன்று வாக்கியங்களை மட்டும் “இதோ, முதல் படம்” என்பதற்கு முன்னால் இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஒருமுறை சொல்லுங்கள். படங்களில் ஆங்கில வசன வரிகள் இருந்தால் அதையும் அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம்.

பெயர்களில்தான் பெரும்பாலும் தடுமாற்றம் நேர்கிறது. கோகலே, போஸ்லே போன்ற மராத்திப் பெயர்களைத் தமிழில் எழுதி வைத்துப் படித்தால், எந்தக் ‘க’, எந்தப் ‘ப’ என்பது தாளைப் பார்த்துத் தெரியாது; பதற்றத்தில் நாக்கு தவறான ஒலிக்கே போகும். மும்பையில் படிக்கும் உங்களுக்குத் தேவநாகரி வாசிக்க வருமென்றால் அந்தப் பெயர்களை மட்டும் அதில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயருக்கு உரியவர் வந்து அமர்ந்ததும் நேரில் சென்று, “உங்கள் பெயரை இப்படிச் சொன்னால் சரிதானா?” என்று கேட்டுவிடுவது இன்னும் பாதுகாப்பானது. பெயர்களின் வரிசையை ஒருங்கிணைப்பாளரான பேராசிரியரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். யாரை முதலில் சொல்வது என்பதில் ஏற்படும் மனக்கசப்பு மாணவர் தலையில் விழ வேண்டியதில்லை.

உரையில் எந்தப் படத்தையும் புகழாதீர்கள், கதையையும் சொல்லாதீர்கள். படங்கள் எடுத்தவர் பெயரின்றி வெறும் எண்களோடு நடுவர்களிடம் தரப்பட்டிருந்தால், “எங்கள் வகுப்புத் தோழர்களின் படமும் இருக்கிறது” என்று ஆசையாகச் சொல்லும் ஒரு வரிகூடப் போட்டியின் நடுநிலையைக் கேள்விக்குள்ளாக்கும்.

கடைசி வாக்கியத்தைப் படம் ஓட்டுபவருடன் முன்பே பேசி முடிவுசெய்யுங்கள். “இதோ, முதல் படம்” என்றதும் விளக்கு அணைய வேண்டும், படம் தொடங்க வேண்டும்; அந்தச் சொற்களை உரையில் வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது. அரங்கிலேயே ஒருமுறை ஒத்திகை பார்த்தால், விளக்கு அணைந்த பிறகு மேடையிலிருந்து இறங்கும் படி கண்ணுக்குத் தெரிகிறதா என்பதும் தெரிந்துவிடும். படம் உடனே வராவிட்டால் அரங்கில் சலசலப்பு எழும்; அப்போது மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நிற்காமல், கதை, ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு என நடுவர்கள் எவற்றுக்கு மதிப்பெண் தருகிறார்கள் என்பதைச் சொல்லுங்கள். அதற்கான நான்கு வரிகளை இரண்டு நிமிடக் கணக்கில் சேர்க்காமல் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.