"ஓகே லா" என்று சொல்லிவிட்டுப் போன மேனேஜரிடம் மறுபடி எப்படிக் கேட்பது?

"பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் புரோசஸ் இன்ஜினியராக இருக்கிறேன். போன வியாழக்கிழமை, சாலிடர் பழுது பற்றி டைரக்டர் முன்னால் 20 நிமிடம் பேச வேண்டியிருந்தது. பாதியில் அவர் கேட்ட கேள்வியில் திணறிவிட்டேன். கடைசி நாலு ஸ்லைடுகளைக் காட்டவே முடியவில்லை. வெளியே வந்ததும் என் மேனேஜரிடம் 'எப்படி இருந்தது?' என்றேன். 'ஓகே லா, அடுத்த முறை பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சீனர், நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேச மாட்டார். மறுபடி கேட்டால் என் சொதப்பலை நானே ஞாபகப்படுத்துவது போல ஆகிவிடுமா? கேட்பதென்றால் எப்படிக் கேட்பது?"
– வாசகி, பினாங்கு

கேளுங்கள், இந்த வாரத்துக்குள்ளேயே. ஞாபகப்படுத்திவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். டைரக்டர் கேள்வி கேட்டபோது உங்கள் மேனேஜரும் அந்த அறையில்தான் இருந்தார். நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது அவர் மனதில் இருக்கும்.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. டைரக்டரின் கேள்வி இன்னும் பதில் இல்லாமல் நிற்கிறதா? நிற்கிறதென்றால் முதலில் அந்தப் பதிலைத் தயார் செய்து, நாலு வரியில் மேனேஜருக்கு அனுப்புங்கள். டைரக்டரிடம் யார் சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். கேள்வியைத் தொங்கவிட்டுவிட்டு ஆலோசனை கேட்கப் போனால், கிடைக்கும் நேரம் முழுவதும் அந்தக் கேள்வியிலேயே போய்விடும்.

அடுத்தது, அன்று நடந்ததை நீங்களே எழுதிப் பார்ப்பது. எந்த ஸ்லைடில் உங்களை நிறுத்தினார்கள், அப்போது திரையில் என்ன இருந்தது, டைரக்டர் என்ன வார்த்தைகளில் கேட்டார், நீங்கள் எதிலிருந்து பதிலை ஆரம்பித்தீர்கள், இவ்வளவு போதும். டீம்ஸில் பதிவாகியிருந்தால் அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் பாருங்கள். முழுவதையும் பார்த்தால் குரல், தலைமுடி என்று தேவையில்லாத கவலைகள்தான் வரும்.

நீங்கள் கேள்வியைச் சொல்லவில்லை. அதனால் இதே மாதிரிக் கூட்டங்களில் அடிக்கடி நடப்பதை வைத்துச் சொல்கிறேன். ஆறாவது ஸ்லைடில் பழுது வகைகளின் பரேட்டோ வரைபடம் இருக்கிறது. டைரக்டர், "பழுதான போர்டு ஏதாவது கஸ்டமருக்குப் போயிருக்கிறதா?" என்கிறார். இன்ஜினியர் ஸ்டென்சில் துளை அளவிலிருந்து விளக்கத் தொடங்குகிறார். டைரக்டர் அதையே மறுபடி கேட்கிறார். இன்ஜினியர் இன்னும் ஆழமாக விளக்குகிறார். இங்கே இன்ஜினியருக்கு அறிவு குறைவில்லை. பழுதுகளைப் படிப்படியாகத் தீர்க்கும் 8டி முறையில் பழுதைப் பரவாமல் தடுத்து நிறுத்துவது டி3, மூல காரணம் கண்டுபிடிப்பது டி4. டைரக்டர் டி3-இல் நிற்கிறார், இன்ஜினியர் டி4-க்குப் போய்விட்டார். உங்களுக்கும் இது நடந்திருந்தால், மாற்ற வேண்டியது ஸ்லைடுகளின் வரிசை. பேச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போனாலும் இது சரியாகாது.

ஆனால் இது என் ஊகம் மட்டும்தான். அன்று காலை கஸ்டமரிடமிருந்து புகார் வந்திருக்கலாம், டைரக்டர் அந்தக் கவலையோடு உட்கார்ந்திருக்கலாம். அது உங்கள் மேனேஜருக்குத்தான் தெரியும். அவரிடம் போவதே இதற்காகத்தான்.

"எப்படி இருந்தது?" என்று வாசலில் கேட்டால், வாடிய முகத்தோடு நிற்கும் ஒருவருக்கு ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாகிறது. மென்மையான மனிதர் யாராக இருந்தாலும் "ஓகே லா" என்றுதான் சொல்வார். அடுத்து என்ன செய்யலாம் என்று யோசனை கேட்டால் அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்விலும் இதையே பார்த்தார்கள். கருத்துக் கேட்கப்பட்டவர்கள் பொதுவாக நாலு நல்ல வார்த்தை சொன்னார்கள். ஆலோசனை கேட்கப்பட்டவர்கள் எதை எப்படி மாற்றலாம் என்று குறிப்பாகச் சொன்னார்கள்.

வாட்சாப்பிலோ டீம்ஸிலோ அவருக்குத் தனியாக எழுதுங்கள், குழுவில் வேண்டாம். வழக்கமாக அவரிடம் எந்த மொழியில் எழுதுவீர்களோ அதில், இந்தப் பொருள் வரும்படி:

"வியாழக்கிழமை ஆறாவது ஸ்லைடில் டைரக்டர் கேட்டதற்கு என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த முறை எதை மாற்றித் தயார் செய்யலாம் என்று உங்கள் யோசனை வேண்டும். நாளை காலை மீட்டிங் முடிந்ததும் 15 நிமிடம் வரலாமா?"

மன்னிப்பு வேண்டுமென்றால் ஒரு வார்த்தை போதும். நீளமாக மன்னிப்புக் கேட்டால் அவர் உங்களைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார், பேச்சு மறுபடி "தாக் ஆப்பா"வில் முடிந்துவிடும். சந்திப்புக்கு மாதக் கடைசியில் சரக்கு அனுப்பும் நெருக்கடியான நாட்களும் ஆடிட் நாளும் வேண்டாம்.

போகும்போது ஸ்லைடுகளை அச்செடுத்து, ஒரு பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். வாயால் குறை சொல்லத் தயங்குகிறவர்கள் தாளில் தயங்காமல் கோடு போடுவார்கள். "இது வேண்டாம், இது முன்னால் வரட்டும்" என்று அவர் எழுத ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இரண்டு கேள்விகள் போதும். முதலாவது: "அந்த இடத்தில் டைரக்டர் எதைத் தெரிந்துகொள்ள நினைத்தார்?" இது டைரக்டரைப் பற்றிய கேள்வி, உங்களைப் பற்றியது இல்லை. அதனால் அவர் தாராளமாகப் பேசுவார். இரண்டாவது: "இதை நீங்கள் பேசுவதாக இருந்தால் முதல் ஸ்லைடில் எதை வைப்பீர்கள்?" கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். அந்த மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும், இருந்தாலும் நீங்கள் அதை நிரப்ப வேண்டாம்.

"இன்னும் தைரியமாகப் பேசணும்", "ரொம்ப டெக்னிக்கல்" என்று அவர் சொன்னால் அதை வைத்து எதையும் செய்ய முடியாது. "எந்த ஸ்லைடில் அப்படித் தோன்றியது?" என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். அவர் விரல் ஒரு ஸ்லைடைக் காட்டினால் அது பயன்படும் பதில். "பொதுவாகத்தான்" என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். அவருக்கு அதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை, அல்லது அவரே கவனிக்கவில்லை. அப்போது அதே கூட்டத்தில் இருந்த, உங்களுக்கு நெருக்கமான ஒரு சீனியரிடம் இதே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். நிறைய பேரிடம் கேட்டுக்கொண்டு போக வேண்டாம், விஷயம் கேண்டீன் பேச்சாகிவிடும்.

இந்தச் சந்திப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். "ஸ்லைடு அதிகம்" என்று அவர் சொன்னதும் "குவாலிட்டி ஆட்கள்தான் சேர்க்கச் சொன்னார்கள்" என்று சொல்லத் தோன்றும். உண்மையாகவே இருந்தாலும் அந்த நேரத்தில் சொல்லாதீர்கள். விளக்கம் வந்ததுமே அவர் நிறுத்திக்கொள்வார், மிச்சத்தைச் சொல்ல மாட்டார். எழுதிக்கொண்டே போங்கள். ஏதாவது தகவல் பிழை இருந்தால் மட்டும் கடைசியில் சொல்லுங்கள்.

அன்று மாலைக்குள் இரண்டு வரி அனுப்புங்கள்: "முதல் ஸ்லைடில் கஸ்டமர் பாதிப்பையும் தடுப்பு நடவடிக்கையையும் வைக்கிறேன். மூல காரணத்தை மூன்று ஸ்லைடுக்குள் முடிக்கிறேன்." அவர் சொன்னதை நீங்கள் வேறு மாதிரிப் புரிந்துகொண்டிருந்தால் அப்போதே திருத்திவிடுவார்.

அடுத்த பிரசண்டேஷனுக்கு இரண்டு நாள் முன்னால், முதல் ஸ்லைடை மட்டும் அவரிடம் காட்டுங்கள். "டைரக்டர் இதைப் பார்த்ததும் முதலில் என்ன கேட்பார்?" என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலை இரண்டாவது ஸ்லைடாக வையுங்கள்.