பகல் 2 மணிக்கு 9.4 காட்டும் ஆறு நலமா? கரைந்த ஆக்சிஜனும் பி.ஓ.டி.யும்

கேள்வி: சுற்றுச்சூழல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊர் ஆற்றில் பிற்பகல் 2 மணிக்கு மாதிரி எடுத்தோம். நீரின் வெப்பநிலை 29 டிகிரி, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 9.4 மில்லிகிராம். அதே நீரின் பி.ஓ.டி., அதாவது அதிலுள்ள கழிவைச் சிதைக்கப் பாக்டீரியா கேட்கும் ஆக்சிஜன், லிட்டருக்கு 24 மில்லிகிராம் என்று வந்தது. முதல் எண்ணைப் பார்த்தால் ஆறு நன்றாக இருக்கிறது, இரண்டாவதைப் பார்த்தால் மோசமாக இருக்கிறது. அதோடு, இருப்பதே 9.4 என்றால் 24 எப்படிச் செலவாகும்? எங்கள் சோதனையில் பிழையா?

பதில்:

பிழை என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் இரண்டு எண்களும் சரியாக இருக்கலாம். இரண்டும் சரியென்றால் ஆறு நலமாக இல்லை. அதற்குப் பி.ஓ.டி. மட்டும் சான்று இல்லை, நல்ல எண் என்று நீங்கள் நினைக்கும் அந்த 9.4-ம் சான்றுதான்.

29 டிகிரியில் காற்றோடு உறவாடி நிற்கும் நன்னீர், லிட்டருக்கு ஏறத்தாழ 7.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். நீர் சூடாகச் சூடாக இந்த அளவு குறையும். 20 டிகிரியில் 9.1 வரை நிற்கும், 0 டிகிரியில் 14.6 வரை. ஆகவே உங்கள் நீரில் காற்று கொடுக்கக்கூடியதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக ஆக்சிஜன் இருக்கிறது. அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது? நீருக்குள்ளேயே ஏதோ ஒன்று ஆக்சிஜனை உற்பத்தி செய்துகொண்டிருக்க வேண்டும். அது பாசி. அன்று ஆற்று நீர் பச்சை படர்ந்து இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். சாக்கடை கொண்டுவரும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உண்டு பாசி பெருகும். நல்ல வெயிலில் ஒளிச்சேர்க்கை உச்சத்தில் இருக்கும் பிற்பகலில் நீங்கள் குடுவையை முக்கியிருக்கிறீர்கள்.

சூரியன் மறைந்ததும் கணக்கு தலைகீழாகும். ஒளிச்சேர்க்கை நின்றுவிடும், ஆனால் பாசி சுவாசிப்பதை நிறுத்தாது. கழிவை உண்ணும் பாக்டீரியாவும் நிறுத்தாது. இரவு முழுவதும் செலவு மட்டுமே நடக்கும். காற்றிலிருந்து மேற்பரப்பு வழியாக மெல்லக் கரைந்து வருவதுதான் ஒரே வரவு. அதனால் விடியலுக்குச் சற்று முன் கரைந்த ஆக்சிஜன் அன்றைய நாளின் அடிமட்டத்தில் இருக்கும்.

இதை நான் பாடப் புத்தகத்தில் படித்தேன், ஆனால் புரிந்துகொண்டது ஒரு பாலத்தின் அடியில்தான். நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த முதல் ஆண்டு, மாதந்தோறும் ஒரே இடத்தில், காலை 11 மணியளவில் மாதிரி எடுப்போம். எண்கள் எப்போதும் 6-க்கு மேல். அங்கே வலை வீசும் பெரியவர் ஒருவர் ஒருநாள், "தம்பி, நீங்கள் வெயில் ஏறிய பிறகு வருகிறீர்கள். இருட்டு பிரியும் முன்னே வந்து பாருங்கள், கெண்டையெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மேலே நிற்கும்" என்றார். மறுநாள் விடியற்காலை 5 மணிக்குப் போனோம். அவர் சொன்னபடியே மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அன்று அளந்தது 1.1. ஓர் ஆண்டுக் காலம் நாங்கள் எழுதிய பதிவேட்டில் ஒரு எண்கூடப் பொய்யில்லை, ஆனால் அந்த ஆற்றைப் பற்றிய உண்மை அதில் எங்கும் இல்லை. மீன் ஒரு நாளின் சராசரியில் வாழ்வதில்லை. மிக மோசமான அந்த இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால்தான் அதற்கு மறுநாள் உண்டு.

இப்போது 24-க்கு வருகிறேன். கரைந்த ஆக்சிஜன் என்பது இந்த நொடியில் கையிலிருக்கும் பணம். பி.ஓ.டி. என்பது இனி அடைக்க வேண்டிய கடன். ஒரு லிட்டர் நீரில் இருக்கும் கரிமக் கழிவைப் பாக்டீரியா சிதைக்கும்போது, குறிப்பிட்ட நாட்களுக்குள் எவ்வளவு ஆக்சிஜனைக் கேட்கும் என்பதே அந்த எண். கையில் 9 ரூபாய் வைத்திருப்பவர் 24 ரூபாய் கடன் பட்டிருக்க முடியும் அல்லவா? ஆறும் அப்படித்தான். காற்றிலிருந்து வரும் சிறு வரவை வைத்துக் கடனைத் தவணையாக அடைக்கப் பார்க்கும். வரவைவிடத் தவணை பெரிதாகும் இடத்தில் கையிருப்பு கரையும்.

கையிருப்பைவிடக் கடன் பெரிது என்பதால்தான் சோதனையில் நீர்த்துப்போகச் செய்கிறோம். ஆற்று நீரை அப்படியே 300 மில்லி பி.ஓ.டி. புட்டியில் நிரப்பி மூடினால், இரண்டாம் நாளுக்குள் ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்துவிடலாம். மூன்றாம் நாள் திறந்து 0 என்று அளந்து, "தொடக்கத்தில் 7.7, இப்போது 0, ஆகவே பி.ஓ.டி. 7.7" என்று எழுதும் மாணவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் அளந்தது புட்டியின் கொள்ளளவை, கழிவின் பசியை அல்ல.

உங்கள் 24 எப்படி வந்திருக்கும் என்று பார்ப்போம். புட்டியில் 30 மில்லி ஆற்று நீர், மீதி 270 மில்லி காற்றூட்டிய நீர்ப்பு நீர். நீர்ப்பு மடங்கு 10. முதல் நாள் ஆக்சிஜன் 7.8, இருட்டில் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்த பிறகு 5.4 என்று வைத்துக்கொள்வோம்.

(7.8 − 5.4) × 10 = 24

இந்த முடிவை ஏற்கலாம். ஏனென்றால் குறைவு 2-க்கு மேல் இருக்கிறது, மிச்சம் 1-க்கு மேல் இருக்கிறது. இந்த இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறாத புட்டியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நீர்ப்பு நீரை மட்டும் நிரப்பிய புட்டியில் குறைவு 0.2-ஐத் தாண்டினால் உங்கள் நீர்ப்பு நீரே அழுக்கு என்று பொருள், அன்றைய வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்று நாள் என்றதும் உங்கள் பாடப் புத்தகத்தில் ஐந்து நாள் என்று இருக்கிறதே என்று தோன்றும். ஐந்து நாள் வழக்கம் பிரிட்டனில் பிறந்தது. 1898-இல் அமைக்கப்பட்ட கழிவுநீர் பற்றிய அரச ஆணையம் அதை நிலைநிறுத்தியது. அங்குள்ள ஆற்று நீர் கடலை அடைய ஐந்து நாளுக்கு மேல் ஆகாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். பின்னாளில் 20 டிகிரி, ஐந்து நாள் என்று உலகமெங்கும் நிலைத்துவிட்டது. நம் ஊர் வெப்பத்தில் பாக்டீரியா வேகமாக வேலை செய்யும் என்பதால் இந்தியத் தரநிர்ணயம் 27 டிகிரி, மூன்று நாள் என்று வைத்திருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவைத் தரும், முற்றிலும் ஒன்றல்ல. அறிக்கையில் எத்தனை நாள், எத்தனை டிகிரி என்று எழுதாத பி.ஓ.டி. எண்ணை நான் நம்புவதில்லை.

உங்கள் மாதிரியில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, மிகைநிறைவாக இருந்த நீர் அது. 9.4-ஐ அப்படியே அதிக அளவில் புட்டியில் ஊற்றினால், கூடுதல் ஆக்சிஜன் குமிழாகப் பிரிந்துவிடும், அதையும் பாக்டீரியா தின்றதாகக் கணக்கில் எழுதிவிடுவோம். எனவே 27 டிகிரிக்குக் கொண்டுவந்து, பாதி நிரம்பிய புட்டியில் நன்றாகக் குலுக்கி, கூடுதலை வெளியேற்றிய பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும். இரண்டாவது, அந்தப் பாசியே உங்கள் புட்டிக்குள்ளும் இருக்கிறது. இருட்டில் அது ஆக்சிஜனை உண்ணும், இறந்தால் அதுவே பாக்டீரியாவுக்கு உணவாகும். 24-இல் ஒரு பங்கு சாக்கடையுடையது, ஒரு பங்கு பாசியுடையது. வடிகட்டிய நீரிலும் வடிகட்டாத நீரிலும் தனித்தனியாகச் செய்து பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் நீரில் மிதப்பவற்றின் பங்கு பெரிது. அந்த நீர் பச்சையாகவும் இருந்தால் பாசியைச் சந்தேகியுங்கள்.

குறைந்த பி.ஓ.டி. வந்தாலும் உடனே மகிழ வேண்டாம். சாயக் கழிவோ உலோகக் கழிவோ குளோரினோ கலந்த நீரில் பாக்டீரியாவே செத்துப்போகும். உண்ண ஆளில்லாத பந்தியில் சோறு மிஞ்சுவதுபோல ஆக்சிஜன் மிஞ்சும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரே மாதிரியை 60 மில்லி, 30 மில்லி என இரண்டு அளவில் வையுங்கள். நல்ல மாதிரியில் முதலாவதில் 4.8-ம் இரண்டாவதில் 2.4-ம் குறையும், இரண்டும் 24 என்றே கணக்காகும். நச்சு இருந்தால் 60 மில்லியில் 2.2-ம் 30 மில்லியில் 2.1-ம் குறையலாம். கணக்கிட்டால் ஒன்றில் 11, மற்றதில் 21. அதிகம் நீர்க்க நீர்க்கப் பி.ஓ.டி. ஏறுகிறது என்றால், நச்சின் பிடி தளரத் தளரப் பாக்டீரியா உயிர் பெறுகிறது என்று பொருள்.

மாதிரி எடுத்த இடத்தையும் நீங்கள் சொல்லவில்லை. சாக்கடை கலக்கும் வாய்க்கு அருகிலேயே எடுத்தால் கடன் முழுவதும் தெரியும், கையிருப்பு இன்னும் குறையத் தொடங்கியிருக்காது. ஆக்சிஜனின் பள்ளம் கீழே, தொலைவில் விழும். ஓஹையோ ஆற்றை ஆராய்ந்து ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் 1925-இல் இந்த வளைவைச் சமன்பாடாக எழுதினார்கள். வினாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் ஒரு நாளில் ஏறத்தாழ 26 கிலோமீட்டர் போய்விடும். பள்ளம் ஒன்றரை நாளில் விழுவதானால், மேலூரின் கழிவுக்கு 39 கிலோமீட்டர் கீழே இருக்கும் ஊரின் மீன் சாகும்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குளிக்கத் தகுந்த ஆற்று நீருக்குக் கரைந்த ஆக்சிஜன் 5-க்குக் குறையாமலும் பி.ஓ.டி. 3-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஆறு முதல் தேர்வில் பகலில் மட்டும் தேறுகிறது, இரண்டாவதில் எட்டு மடங்கு தாண்டுகிறது.

அடுத்த முறை விடியற்காலை 5 மணிக்குப் போங்கள், அதே இடத்துக்கும் சில கிலோமீட்டர் கீழேயும். மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடு அசைடையும் கரையிலேயே புட்டியில் விட்டு, மூடித் தலைகீழாகத் திருப்பிக் கலக்குங்கள். படிவு பழுப்பாக இருந்தால் ஆக்சிஜன் இருக்கிறது, கூடத்துக்குக் கொண்டுவந்து தயோசல்பேட்டால் அளந்துகொள்ளலாம். வெள்ளையாகவே நின்றால் அளக்க எதுவும் இல்லை. நேரத்தையும் இடத்தையும் எழுதி, எதிரே 0 என்று குறித்துக்கொள்ளுங்கள்.