சீனாவும் கல்விக் கடமையும்

அஸ்ஸலாமு அலைக்கும் பாய்,

எங்கள் பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழில் "சீனா சென்றேனும் சீர்கல்வி தேடு – நபிமொழி" என்று அச்சடித்திருந்தோம். அதைப் பார்த்த ஒரு ஹஜ்ரத், இது இட்டுக்கட்டப்பட்டது என்றார். இன்னொரு ஹஜ்ரத், வெறும் ளயீஃப், பலவீனமானதுதான், கருத்து நல்லதாயிற்றே, இருக்கட்டும் என்றார். அதே அழைப்பிதழில் "கல்வி தேடுவது முஸ்லிமான ஆண், பெண் அனைவர் மீதும் கடமை" என்பதும் இருந்தது. அதை இரண்டு பேருமே ஒன்றும் சொல்லவில்லை. இதையெல்லாம் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

– ஒரு வாசகர், மேல்விஷாரம்

வஅலைக்குமுஸ்ஸலாம்.

நீங்கள் அச்சடித்த இரண்டு வரிகளும் பழைய நூல்களில் ஒரே அறிவிப்பாகவும் வருகின்றன. "சீனாவில் இருந்தாலும் கல்வியைத் தேடுங்கள், ஏனெனில் கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிம் மீதும் கடமை." முன்பாதி ஒரு கதிக்கும் பின்பாதி வேறொரு கதிக்கும் ஆளானது. அது ஏன் என்று பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

முதலில் சீனாவை எடுத்துக்கொள்வோம். இதை நபி (ஸல்) அவர்களிடமிருந்து சொல்பவர் அனஸ் (ரலி). பத்து ஆண்டுகள் நபிக்குப் பணிவிடை செய்த தோழர் அவர். பஸ்ராவில் நீண்ட காலம் வாழ்ந்து, ஹிஜ்ரி 93 வாக்கில் இறந்தார். ஸாபித் அல்புனானீ, கதாதா, ஸுஹ்ரீ என்று அவரிடம் கேட்டு அறிவித்த மாணவர்கள் ஏராளம். அதிலும் ஸாபித் நாற்பது ஆண்டுகள் அவருடன் இருந்தவர் என்பார்கள். இத்தனை பேர் இருக்க, இந்தச் செய்தியை அனஸிடமிருந்து சொல்வதாக முன்னால் வந்து நிற்பவர் அபூ ஆத்திகா என்ற ஒருவர்தான். ஹதீஸ் ஆய்வாளருக்குச் சந்தேகம் தட்டுவது இங்கேதான். எல்லோருக்கும் தெரிந்த ஆசிரியரிடமிருந்து, அவருடைய நெருங்கிய மாணவர்கள் யாரும் கேட்காத ஒன்று, அதிகம் அறியப்படாத ஒருவருக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது?

சரி, அந்த அபூ ஆத்திகா யார்? அறிவிப்பாளர்களைப் பற்றியே தனி நூல்கள் இருக்கின்றன. யார் எங்கே பிறந்தார், யாரிடம் படித்தார், மற்றவர்கள் சொன்னதோடு அவர் சொன்னது ஒத்துப்போகிறதா என்றெல்லாம் அவற்றில் பதிவாகியிருக்கும். அங்கே இவரைப் பற்றி இமாம் புகாரீ "முன்கருல் ஹதீஸ்" என்று எழுதியிருக்கிறார். வேறொருவர் இப்படிச் சொன்னால் 'இவர் ஏற்க முடியாத செய்திகளைச் சொல்கிறார்' என்ற அளவில் விட்டுவிடலாம். புகாரீ ஒருவரை இப்படிச் சொன்னால், அவரிடமிருந்து அறிவிப்பதே கூடாது என்று பொருள். நஸாயீயும் இவர் நம்பகமானவர் இல்லை என்றே சொல்கிறார்.

அபூ ஆத்திகா ஒருவரோடு முடிந்துவிடவில்லை, சீனாச் செய்திக்கு வேறு வழிகளும் உண்டு என்பார்கள். உண்மைதான். ஒன்று, ஸுஹ்ரீ வழியாக அனஸிடமிருந்து வருகிறது. பெயரைக் கேட்டதும் நம்பத் தோன்றும். ஆனால் அந்த அறிவிப்பாளர் தொடரின் கீழே யஅகூப் இப்னு இஸ்ஹாக் அல்அஸ்கலானீ நிற்கிறார். தஹபீ அவரைப் பொய்யர் என்றே பதிந்திருக்கிறார். இன்னொன்று அபூஹுரைரா (ரலி) பெயரில் வருகிறது. அதில் இருப்பவர் ஜுவைபாரீ, ஹதீஸ் இட்டுக்கட்டுவதில் பெயர் போனவர். மேலே பெரிய பெயர்களை வைத்துத் தொடர் கட்டுவது பொய்யர்களுக்குச் சுலபம். அதனால் தொடரில் எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. மிகப் பலவீனமானவர் யார் என்றுதான் தேடுவார்கள். தொடரின் தரம் அவரோடு நின்றுவிடும்.

உங்கள் இரண்டு ஹஜ்ரத்துகளும் சொந்தமாக எதையும் சொல்லவில்லை. இப்னு ஹிப்பான் இதை அடிப்படையே இல்லாத பொய் என்றார். இப்னுல் ஜவ்ஸீ இட்டுக்கட்டப்பட்டவற்றைத் தொகுத்த தம் நூலில் இதைச் சேர்த்தார். பைஹகீயோ, வாசகம் பிரபலமானது, தொடர்தான் ளயீஃப் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். என் மனம் முதல் ஹஜ்ரத் பக்கமே சாய்கிறது. இதை ஸஹீஹ், ஆதாரப்பூர்வமானது என்று நிலைநாட்டத் தக்க வழி ஒன்றுகூட இல்லை.

இனி 'கடமை' என்ற பாதி. இது இப்னு மாஜாவில் 224-ஆவது ஹதீஸாக, அதுவும் அனஸிடமிருந்துதான் வருகிறது. ஹிஷாம் இப்னு அம்மார், அவருக்குச் சொன்னவர் ஹஃப்ஸ் இப்னு சுலைமான், அவருக்குக் கஸீர் இப்னு ஷின்ழீர், அவருக்கு முஹம்மத் இப்னு ஸீரீன், அவருக்கு அனஸ். இதில் ஹஃப்ஸின் பெயரை நன்றாகக் கவனியுங்கள். வேலூரிலும் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தராவீஹில் நாம் ஓதக் கேட்கும் குர்ஆன் இந்த ஹஃப்ஸின் ஓதல் முறைதான். ஆஸிமிடம் கற்று அதை உலகத்துக்குத் தந்தவர் அவர். அதே மனிதரை ஹதீஸ் துறையில் "மத்ரூக்", கைவிடப்பட்டவர் என்று ஒதுக்கிவிட்டார்கள். குர்ஆன் ஓதலில் அவர் முழுக் கவனம் வைத்தார், அதில் அவர் ஆதாரம். ஹதீஸில் அந்தப் பிடிமானம் அவருக்கு இல்லை என்று கண்டவர்கள், அவருடைய குர்ஆன் சேவைக்காகக்கூடச் சலுகை காட்டவில்லை. இந்தத் துறையின் நேர்மைக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அப்படியானால் இந்தப் பாதியும் விழுந்துவிட வேண்டுமே என்று கேட்பீர்கள். இந்த ஒரு தொடரை மட்டும் வைத்தால், ஆமாம், மிகவும் பலவீனம்தான். ஆனால் 'கடமை' என்ற வாசகம் அனஸிடமிருந்தும் வேறு தோழர்களிடமிருந்தும் பற்பல வழிகளில் வருகிறது. சுயூத்தீ ஏறக்குறைய ஐம்பது வழிகளைத் திரட்டியதாகச் சொல்லி, இது ஸஹீஹ் என்று முடிவு செய்தார். அவருக்கு முன்பே மிஸ்ஸீ, எல்லா வழிகளையும் சேர்த்தால் ஸஹீஹுக்கு அடுத்த படியான ஹஸன் தரத்தை எட்டும் என்றார். அஹ்மத் இப்னு ஹன்பல் போன்ற முன்னோர் இதில் உறுதியானது எதுவும் இல்லை என்று கருதியதாகவும் வருகிறது. அதையும் மறைக்கக் கூடாது.

ஐம்பது பலவீனம் சேர்ந்தால் பலமாகிவிடுமா? எப்போதும் ஆகாது. அறிவிப்பாளரின் குறை மறதியாகவோ குழப்பமாகவோ இருந்தால், அவருக்குத் தொடர்பில்லாத இன்னொருவரும் அதையே சொல்லும்போது, அவர் இந்த இடத்தில் மறக்கவில்லை என்று தெரியவருகிறது. குறை பொய்யாக இருந்தால் அந்தக் கணக்கே கிடையாது. ஒரு பொய்யர் இன்னொருவரிடமிருந்து வாசகத்தைத் திருடித் தனக்கென்று ஒரு தொடர் செய்துகொள்வார். நம் பக்கத்துத் தோல் மண்டிக்காரருக்கு இதைச் சொல்லவே வேண்டாம்: மெல்லிய தோலை இரட்டையாக ஒட்டித் தைக்கலாம், புழு அரித்ததை எத்தனை ஒட்டினாலும் தையல் நிற்காது. ஐம்பதுக்குள்ளும் பொய்யர்களின் வழிகள் உண்டு. அவற்றைக் கழித்த பிறகு மிஞ்சும் மறதிக்காரர்களின் வழிகள்தான் ஒன்றையொன்று தாங்குகின்றன. சீனாவுக்கோ, கழித்த பிறகு தாங்க ஆள் இல்லை.

ஒரு திருத்தம். "ஆண், பெண்" என்று அச்சடித்தீர்கள் அல்லவா? "முஸ்லிமான பெண்" என்ற சொல் இந்த ஹதீஸின் எந்த வழியிலும் இல்லை, சிலர் பின்னால் சேர்த்தது என்று ஸகாவீ குறிப்பிடுகிறார். பொருளில் தவறில்லை என்றும் அவரே சொல்கிறார். "ஒவ்வொரு முஸ்லிம்" என்பதில் பெண்ணும் அடக்கம்தான். ஆனால் நபி சொன்னதாக மேற்கோள் குறிக்குள் போடும்போது, சொல்லாத சொல்லைச் சேர்க்க நமக்கு உரிமை இல்லை.

இரண்டாவது ஹஜ்ரத் சொன்ன 'கருத்து நல்லதாயிற்றே' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல கருத்து என்றால் பழமொழியாகப் போடுங்கள், யாரும் தடுக்கவில்லை. "நபிமொழி" என்று கீழே எழுதிய அந்த நொடியில் அது கருத்து இல்லை, ஒருவர் மீது சாட்சி. தம் மீது வேண்டுமென்றே பொய் சொல்பவர் நரகத்தில் தம் இடத்தைத் தேடிக்கொள்ளட்டும் என்று நபியவர்கள் எச்சரித்தது மிகப் பல தோழர்கள் வழியாக வந்திருக்கும் செய்தி. அது நல்ல பொய், கெட்ட பொய் என்று பிரிக்கவில்லை.

அடுத்த ஆண்டு அழைப்பிதழுக்கு முஸ்லிம் நூலின் 2699-ஆவது ஹதீஸிலிருந்து ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: "கல்வியைத் தேடி ஒருவர் ஒரு பாதையில் சென்றால், அதன் மூலம் அல்லாஹ் அவருக்குச் சொர்க்கத்தின் பாதையை எளிதாக்குகிறான்." அஃமஷ், அவருக்கு அபூஸாலிஹ், அவருக்கு அபூஹுரைரா (ரலி). உங்கள் முதல் ஹஜ்ரத்திடமே காட்டிக் கேளுங்கள், ஒரு குறையும் சொல்ல மாட்டார்.