வாள் முறிகிறது, சிலிக்கான் இறுகவில்லை, மணிக்கட்டு அரிக்கிறது: ரெசின் பிரிண்டிங் கேள்வி-பதில்

கேள்வி: 32 மி.மீ. உயரப் போர்வீரர் பொம்மைகளைச் சாதாரண ரெசினில் பிரிண்ட் செய்கிறேன். சப்போர்ட்டை எடுக்கும்போதே வாளும் ஈட்டியும் முறிந்துவிடுகின்றன. டஃப் ரெசினுக்கு மாறுவதா, ஃப்ளெக்ஸிபிள் கலப்பதா?

சாதாரண ரெசின் இறுகும்போது அதன் மூலக்கூறுகள் நெருக்கமாகப் பின்னிக்கொள்கின்றன. முக வரிகளும் சங்கிலிக் கண்ணிகளும் கூர்மையாக வருவது அதனால்தான். மெல்லிய பாகம் வளையாமல் பட்டென்று ஒடிவதற்கும் அதுவே காரணம். டஃப் வகையில் (கடைகளில் ‘ஏபிஎஸ் லைக்’ என்பார்கள்) பின்னல் கொஞ்சம் தளர்வாக இருக்கும். கீழே விழுந்தால் வாள் வளைந்து நிமிரும். ஃப்ளெக்ஸிபிள் ரப்பர் மாதிரி. அதில் மட்டும் பிரிண்ட் செய்தால் ஈட்டி தானாகவே தொங்கிப்போகும், முகமும் மழுங்கும்.

புதிதாக வாங்குவதானால் டஃப் வாங்குங்கள். விளையாட்டு மேசையில் கைபடும் பொம்மைக்கு அதுவே போதும். சாதாரண ரெசின் கைவசம் நிறைய இருந்தால் 170 கிராமுடன் 30 கிராம் ஃப்ளெக்ஸிபிளை எடைபோட்டுக் கலக்கலாம். குமிழி வராமல் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாகக் கிளறுங்கள். இரண்டும் 405 நானோமீட்டர் ஒளிக்கு உரியவையாக இருக்க வேண்டும். தண்ணீரில் கழுவும் ரெசினையும் ஆல்கஹாலில் கழுவும் ரெசினையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

கலவைக்குப் பெரும்பாலும் ஒளிநேரம் கூடுதலாகத் தேவைப்படும். முன்பு 2.5 விநாடி வைத்திருந்தால் 2.8-ல் தொடங்கி ஒரு சின்னத் துண்டைச் சோதித்துப் பாருங்கள். வாள் முனை காணாமல்போனால் ஒளி போதவில்லை. சங்கிலிக் கண்ணிகளின் இடைவெளி அடைபட்டால் ஒளி அதிகம்.

ரெசினை மாற்றும் முன் வாளின் தடிமனையும் பாருங்கள். வளைவைத் தாங்கும் வலிமை தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 0.6 மி.மீ. வாளை 0.9 ஆக்கினால் அந்தத் திசையில் அது சுமார் இரண்டேகால் மடங்கு தாங்கும். மேசையில் வைத்துப் பார்க்கும்போது அந்த 0.3 மி.மீ. யார் கண்ணுக்கும் தெரியாது. பொம்மையைக் கழுவிய பிறகு, யூவி விளக்கில் வைக்கும் முன்பே, 50 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கிவிட்டுச் சப்போர்ட்டை எடுங்கள். மிருதுவாகிக் கழன்று வந்துவிடும். இறுதியாக யூவியில் இரண்டு மூன்று நிமிடம் போதும். நாள் முழுக்க வெயிலில் காய்ந்த பொம்மை மஞ்சளித்து, டஃப் ரெசினாக இருந்தாலும் நொறுங்கும்.

கேள்வி: மோதிர மாஸ்டரை ரெசினில் பிரிண்ட் செய்து பிளாட்டினம் சிலிக்கான் ஊற்றினேன். அச்சு வெளிப்பக்கம் நன்றாக இறுகிவிட்டது. மாஸ்டரைத் தொட்ட இடம் மட்டும் இரண்டு நாள் கழித்தும் பிசுபிசுப்பாகவே இருக்கிறது. சிலிக்கான் பழையதா?

பழைய சிலிக்கான் அல்லது தவறான விகிதம் என்றால் அச்சு முழுக்க இளகியிருக்கும். ரெசினைத் தொட்ட இடம் மட்டும் இறுகவில்லை என்றால் கோளாறு மாஸ்டரில் இருக்கிறது. இந்தச் சிலிக்கானை இறுகவைப்பது மிகச் சிறிய அளவிலான பிளாட்டினம். கந்தகம், வெள்ளீயச் சேர்மங்கள், அமீன், பாஸ்பரஸ் சேர்மங்கள் பட்டால் அது வேலை செய்யாது. ரெசினில் ஒளியை வாங்கி இறுகலைத் தொடங்கிவைக்கும் டிபிஓ போன்ற பொருள்கள் பாஸ்பரஸ் சேர்மங்கள்தான். அவற்றின் மிச்சமும் இறுகாமல் தங்கிய ரெசினும் மேற்பரப்புக்குக் கசிந்து சிலிக்கானைக் கெடுக்கின்றன.

தொடும்போது காய்ந்ததாகத் தெரியும் மாஸ்டரிலும் இந்த மிச்சம் இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் மேல்தோல் இறுகுவதைத் தடுப்பது அதற்கு ஒரு காரணம். அதனால் மாஸ்டரை இப்படித் தயார் செய்யுங்கள்.

முதலில் பயன்படுத்திய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இரண்டு நிமிடம், பிறகு புதிய ஆல்கஹாலில் இரண்டு நிமிடம், மென்மையான பிரஷ்ஷால் கல் பதிக்கும் பிராங் இடுக்குகள் வரை கழுவுங்கள். மணிக்கணக்கில் ஊறவைத்தால் ரெசின் உப்பி விரியும், ஊறப்போடாதீர்கள். அரை மணி நேரம் காயவிடுங்கள். எங்காவது பளபளப்பாக ஈரம் தெரிந்தால் அது ரெசின். மறுபடி கழுவ வேண்டும்.

பிறகு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் விட்டு, மாஸ்டரை அதில் மூழ்கவைத்து யூவி விளக்கில் ஒரு பக்கம் பத்து நிமிடம், திருப்பி இன்னொரு பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் காற்றை மறைப்பதால் மேல்தோலும் இறுகும். துடைத்துக் காயவைத்து, 60 டிகிரிச் சூட்டில் மூன்று நான்கு மணி நேரம் வையுங்கள். சமைக்கும் ஓவனில் இதைச் செய்யவே கூடாது. சூடு ஆறிய பின் அக்ரிலிக் கிளியர் ஸ்ப்ரேயை மெல்லிய இரண்டு பூச்சாக அடித்து ஒரு நாள் உலரவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் முழு அச்சை ஊற்றிவிடாதீர்கள். மாஸ்டருடன் அதே ரெசினில் ஒரு சின்னத் தகடும் பிரிண்ட் செய்து, அதையும் இதே வழியில் தயாரித்து, அதன்மேல் 10 கிராம் சிலிக்கானை ஊற்றிப் பாருங்கள். உரிக்கும்போது தகட்டைத் தொட்ட பக்கம் வழவழப்பாக, விரல்ரேகை பதியாமல் இருந்தால் மாஸ்டர் மேல் ஊற்றலாம். மூன்று முறை செய்தும் பிசுபிசுப்பு போகவில்லை என்றால் அந்த ரெசினை விட்டுவிடுங்கள், அல்லது டின் சிலிக்கானுக்கு மாறுங்கள். அதற்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் அது கூடுதலாகச் சுருங்கும், அச்சின் ஆயுளும் குறைவு. மோதிர அளவு முக்கியம் என்றால் சுருக்கத்தை அளந்து மாஸ்டரைப் பெரிதாக்க வேண்டும்.

மாஸ்டருக்கு டஃப் தேவையே இல்லை. விவரம் கூர்மையாக வரும் சாதாரண ரெசின்தான் சரி, 0.03 மி.மீ. லேயரில். உள்ளே குடைந்து பிரிண்ட் செய்யாதீர்கள். குழிக்குள் அடைபட்ட ரெசின் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: எதற்கு மாஸ்டர், சிலிக்கான் எல்லாம்? அச்சையே ஃப்ளெக்ஸிபிள் ரெசினில் பிரிண்ட் செய்து மெழுகு ஊற்றலாமே?

இரண்டு மூன்று முறை ஊற்றிப் பார்க்கலாம், வடிவம் எளிமையாக இருந்தால். அதற்கு மேல் நம்ப முடியாது. சிலிக்கானைப் போல அது இழுபடாது. பிராங்கைச் சுற்றி உரிக்கும்போது கிழியும். இயல்பாகவே எதிலும் ஒட்டாத தன்மை சிலிக்கானுக்கு உண்டு, இதற்குக் கிடையாது. எபாக்ஸி ஊற்றினால் அச்சும் வார்ப்பும் ஒன்றாகிவிடும். லேயர் கோடுகளும் ஒவ்வொரு மெழுகிலும் பதியும், தேய்க்க வேண்டியது அத்தனை மெழுகையும்தான். மாஸ்டரில் என்றால் ஒரே ஒரு முறை தேய்த்தால் போதும்.

கேள்வி: பட்டறையில் மாஸ்டரை ரப்பர் மோல்டுக்குக் கொடுத்தேன். பிரஸ்ஸில் வைத்ததும் நசுங்கிவிட்டது என்கிறார்கள்.

நசுங்கத்தான் செய்யும். வல்கனைஸ் செய்யும் ரப்பர் 150 டிகிரி அளவுச் சூட்டில், அழுத்தத்தில் வேகிறது. சாதாரண ரெசினும் டஃப் ரெசினும் பெரும்பாலும் 60, 70 டிகிரியிலேயே இளகத் தொடங்குபவை. ரெசின் மாஸ்டர் என்றால் அறைச் சூட்டில் இறுகும் சிலிக்கானைக் கேளுங்கள். ரப்பர்தான் வேண்டும் என்றால் காஸ்டபிள் ரெசினில் பிரிண்ட் செய்து, ஒன்றை வெள்ளியில் வார்த்து, அந்த வெள்ளியையே மாஸ்டராக வையுங்கள். ஒன்றிரண்டு சுருக்கங்களைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும், ஆனால் அந்த மாஸ்டர் பட்டறையில் பல வருடம் கிடக்கும்.

கேள்வி: டஃப் ரெசினில் மோதிரமும் காதணியும் பிரிண்ட் செய்து விற்க ஆசை. நன்றாக க்யூர் செய்து வார்னிஷ் அடித்தால் தோலுக்குப் பாதுகாப்புதானே?

இல்லை. முந்தைய பதிலில் சிலிக்கானை இறுகவிடாமல் செய்த அதே மிச்சம்தான் வியர்வையில் கரைந்து தோலுக்கு வருகிறது. வார்னிஷ் மோதிரத்தின் உள்பக்கத்தில்தான் முதலில் தேயும். ஃப்ளெக்ஸிபிள் இன்னும் மோசம்: பின்னல் தளர்வு என்பதால் உள்ளே இருப்பது எளிதில் வெளியே வரும். ‘பத்து நிமிடம் க்யூர் செய்தேன், கையில் ஒட்டவில்லை’ என்பது இதில் எதையும் நிரூபிக்காது. சிலிக்கான் சோதனையில் தேறியதும் தோலுக்கான சான்று ஆகாது.

பயோகம்பேட்டிபிள் என்று விற்கும் ரெசின்களில் ஐஎஸ்ஓ 10993 சோதனை செய்தவை உண்டு. அதிலும் எந்தப் பகுதி என்று பாருங்கள்: 5 செல்களுக்கு நஞ்சா என்பதற்கு, 10 ஒவ்வாமைக்கு, 23 எரிச்சலுக்கு. எவ்வளவு நேரத் தொடர்புக்கு என்றும் பாருங்கள். 24 மணி நேரத்துக்குள் என்று சோதித்த ரெசின், தினமும் அணியும் மோதிரத்துக்குப் பொருந்தாது. அந்தச் சான்று ரெசின் பாட்டிலுக்கு மட்டும் உரியதல்ல. குறிப்பிட்ட பிரிண்டர், கழுவும் நேரம், க்யூர் நேரம் எல்லாம் சேர்த்த செய்முறைக்கு உரியது. ஒரு சொட்டு நிறமியோ 15 சதவீத ஃப்ளெக்ஸிபிளோ கலந்தால் அது செல்லாது. விற்பனைக்கு என்றால் என் பதில் ஒன்றுதான்: ரெசின் வடிவத்துக்கு, அணிவது உலோகத்தில். காது குத்திய துளைக்குள் போகும் கம்பியை ஒருபோதும் ரெசினில் செய்யாதீர்கள்.

கேள்வி: எட்டு மாதமாகக் கையுறை இல்லாமல் வேலை செய்தேன், ஒன்றும் ஆகவில்லை. இப்போது கையுறை போட்டும் மணிக்கட்டில் சிவந்து அரிக்கிறது. ஏன்?

அக்ரிலேட் ஒவ்வாமை இப்படித்தான் வரும். உடல் பல முறை தொட்ட பின்தான் அதை எதிரியாக அடையாளம் காணும். கண்டுவிட்டால் துளி போதும், அநேகமாக வாழ்நாள் முழுக்க. அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2012-ல் அக்ரிலேட்டுகளையும் 2020-ல் ஐசோபோர்னைல் அக்ரிலேட்டையும் ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. இதே குடும்பம் பல் அடைப்பிலும் ஜெல் நகப்பூச்சிலும் சர்க்கரை அளக்கும் சென்சாரின் பசையிலும் உண்டு. அதனால் வேலையை இன்றே நிறுத்திவிட்டு, ரெசினின் பாதுகாப்புத் தாளுடன் தோல் மருத்துவரைப் பாருங்கள். பேட்ச் டெஸ்ட்டில் எது என்று தெரியும்.

கையுறை போட்டும் வருவதற்கு மூன்று வழிகளைப் பாருங்கள். லேட்டக்ஸ் கையுறையை அக்ரிலேட் சில நிமிடங்களில் கடந்துவிடும். மெல்லிய நைட்ரைலும் நாள் முழுக்கத் தாங்காது, ஆல்கஹாலில் நனைந்தால் இன்னும் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும். சொட்டு பட்டதும் கழற்றி எறிந்து புதிதாகப் போடுங்கள். மணிக்கட்டில் மட்டும் சிவக்கிறது என்பதால் கையுறை விளிம்பையும் சட்டைக் கை நுனியையும்தான் முதலில் சந்தேகிப்பேன். நீண்ட விளிம்புள்ள நைட்ரைல் வேண்டும். தோலில் ரெசின் பட்டால் ஆல்கஹாலால் துடைக்காதீர்கள், அது ரெசினைக் கரைத்துப் பரப்பும். சோப்பும் நிறையத் தண்ணீரும்தான். அந்தக் கையோடு வெயிலில் போகவும் வேண்டாம்.

கேள்வி: வாட்டர் வாஷபிள் ரெசின் என்றால் ஆபத்து குறைவுதானே?

குறைவது ஆல்கஹாலின் வாடையும் தீப்பற்றும் பயமும் மட்டுமே. ரெசின் அதே அக்ரிலேட்தான், கையுறை அதே கையுறைதான். கழுவிய தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். அகலமான தட்டில் வெயிலில் வைத்து, அடியில் இறுகிப் படிவதை வடிகட்டி, ஊரில் ரசாயனக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். வடிகட்டிய தண்ணீரும் சுத்தமானதல்ல, செடிக்குக்கூட விடக்கூடாது.