தீபாவளிக்கு 52,000, பிப்ரவரியில் 8,000: மாதக் கட்டணம் எவ்வளவு கேட்பது?

கேள்வி: கோவையில் ஃப்ரீலான்ஸ் கிராஃபிக் டிசைனராக மூன்று வருடமாக இருக்கிறேன். ஒரு ஜவுளிக்கடைதான் என் பெரிய கஸ்டமர். போன நிதியாண்டில் அவர்களுக்குப் போட்ட பில், ஏப்ரல் முதல் மார்ச் வரை: 11,000, 14,000, 9,000, 31,000, 22,000, 16,000, 52,000, 18,000, 13,000, 34,000, 8,000, 12,000. மொத்தம் 2,40,000. ஒவ்வொரு வேலைக்கும் ரேட் பேசிப் பேசி அலுத்துவிட்டது. மாதம் 20,000 என்று ரீடெய்னராகக் கேட்கலாமா? முதலாளியிடம் எப்படி ஆரம்பிப்பது? நிச்சய வருமானம் வந்தால் இஎம்ஐயில் ஒரு ஐமேக் வாங்கவும் ஆசை.

பதில்: 20,000 கேட்காதீர்கள். 2,40,000-ஐ 12-ஆல் வகுத்தால் அந்த எண் வருவது உண்மைதான். ஆனால் அதில் இரண்டு வேறு வேலைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மாதா மாதம் வரும் ஆஃபர் போஸ்டரும் வாட்ஸ்அப் கார்டும் ஒன்று. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கலுக்கு வரும் ஃபிளெக்ஸ், பேப்பர் விளம்பரம், கேட்டலாக் எல்லாம் வேறொன்று. இரண்டையும் ஒரே கட்டணத்தில் அடைத்தால் இரண்டு பக்கமும் அடி விழும். அக்டோபரில் 52,000 ரூபாய் வேலையை 20,000-க்குச் செய்துகொண்டிருப்பீர்கள். பிப்ரவரியில் முதலாளி, 'எட்டாயிரம் ரூபாய் வேலைக்கு எதற்கு இருபது?' என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டிருப்பார். முதல் பண்டிகையிலோ முதல் மந்த மாதத்திலோ ஒப்பந்தம் உடைந்துவிடும்.

அதனால் பண்டிகை மாதங்கள் நான்கையும் (ஜூலை, ஆகஸ்ட், அக்டோபர், ஜனவரி) தனியே எடுத்து வையுங்கள். மீதி எட்டு மாதத்தின் கூட்டுத்தொகை 1,01,000. மாதத்துக்குச் சுமார் 12,600. இதுதான் இந்தக் கடைக்கு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் வேலை. ரீடெய்னர் இதற்கு மட்டும்தான். பண்டிகை மாதங்களிலும் இந்த அடிப்படை வேலை இருந்திருக்கும். அதைக் கழித்துப் பார்த்தால், அந்த நான்கு மாதங்களில் கூடுதலாக வந்தது சுமார் 88,600. அது எப்போதும்போலத் தனி பில்லிலேயே போகட்டும்.

இப்போது 12,600-ஐப் பொருளாக மாற்றுங்கள். நீங்கள் எழுதவில்லை, ஒரு போஸ்டருக்கு 900 வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் 14 போஸ்டர். நான் சொல்லும் விலை 14,000. போஸ்டர் எண்ணிக்கை அதே 14. கூடுதலாகப் போகும் 1,400, அவர் கூப்பிட்டவுடன் நீங்கள் இருப்பதற்கான விலை. காலை 11 மணிக்குள் கேட்டால் அன்று மாலைக்குள் போஸ்டர் என்று எழுதிக் கொடுங்கள். ஜவுளிக்கடைக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். பக்கத்துக் கடை திடீரென்று ஆஃபர் போட்டால் இவருக்கும் அன்றே போட வேண்டியிருக்கும். ஆண்டுக் கணக்கில் உங்களுக்கு 1,68,000 நிலையாகவும், போன வருடம்போலவே பண்டிகை வேலை வந்தால் 88,600 தனியாகவும் கிடைக்கும். மொத்தம் 2,56,600. போன வருடத்தைவிடப் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு எந்தத் தேதியில் வரும் என்று முன்கூட்டியே தெரியும்.

'மொத்தமாகக் கொடுக்கிறோம், குறைத்துக்கொள்ளுங்கள்' என்பது நம் ஊர் வியாபாரத்தில் தானாக வரும் பேச்சு. சேலைக்கு அது சரி. உங்கள் நேரத்துக்கு அப்படி மொத்த விலை கிடையாது, பதினான்காவது போஸ்டரும் முதல் போஸ்டர் அளவுக்கு நேரம் எடுக்கும். அதனால் அவர் குறைக்கச் சொன்னால் ரேட்டைத் தொடாமல் எண்ணிக்கையைக் குறையுங்கள். 12,000 என்றால் 12 போஸ்டர்.

அடுத்து, ரீடெய்னரைக் கரையான்போல அரிக்கும் விஷயம்: திருத்தம். ஒரு போஸ்டருக்குத் திருத்தத்தோடு சேர்த்து இரண்டரை மணி நேரம் என்று வைத்தால், 14-க்கு 35 மணி நேரம். மணிக்கு 400 ரூபாய் விழுகிறது. 'லோகோவைக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க', 'அந்தப் பொண்ணு போட்டோவை மாத்துங்க' என்று இழுத்து நான்கு மணி நேரம் ஆனால் 56 மணி, மணிக்கு 250-தான். தனித்தனி பில்லாக இருந்தபோது அடுத்த வேலையில் ரேட் ஏற்றிச் சரிக்கட்டியிருப்பீர்கள். மாதக் கட்டணத்தில் அந்த வழி இல்லை. போஸ்டருக்கு இரண்டு சுற்றுத் திருத்தம், மூன்றாவதிலிருந்து சுற்றுக்கு 200 என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். கடையில் விலை மாறுவதால் வரும் மாற்றத்தை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். அதையும் எண்ணினால் கஞ்சத்தனமாகத் தெரியும்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். பல வருடம் முன்பு ஒரு நிறுவனத்துக்கு 'தேவைப்படும் நிதி ஆலோசனை' என்று மாதக் கட்டணம் பேசினேன். மூன்றாவது மாதத்தில் முதலாளியின் மருமகனுடைய கல்விக்கடன் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். தப்பு அவர்களுடையது இல்லை. 'தேவைப்படும்' என்று எழுதியது நான்தான்.

சரி, எப்படிக் கேட்பது? மேனேஜரிடம் ஆரம்பிக்காதீர்கள், அவருக்கு ஒவ்வொரு பில்லிலும் நூறு ரூபாய் குறைத்துக் காட்டுவதில்தான் பெருமை. முதலாளியிடம் நேரில் பேசுங்கள். ஆடிச் சேல் முடிந்து அந்த பில் கைக்கு வந்த வாரம் நல்ல நேரம். வேலையின் பலனைக் கண்ணால் பார்த்திருப்பார், தீபாவளி நெருக்கடியும் இன்னும் தொடங்கியிருக்காது. பாக்கி இருக்கும்போது போனால் பேச்சு பாக்கியைப் பற்றியதாகிவிடும்.

'ரீடெய்னர்' என்ற சொல்லையே எடுக்க வேண்டாம். கடையில் ஏசிக்கும் ஜெனரேட்டருக்கும் சிசிடிவிக்கும் அவர் ஏஎம்சி போட்டிருப்பார். வருடம் முழுக்கப் பணம் கட்டுவது தினம் ரிப்பேர் வருவதற்காக இல்லை, வந்தால் ஆள் உடனே வருவதற்காக என்பது அவருக்குத் தெரிந்த கணக்கு. போவதற்கு முன் உங்கள் வாட்ஸ்அப்பைப் புரட்டி, போன வருடம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவசரமாகக் கேட்டது எத்தனை முறை, அதில் எத்தனை மறுநாளுக்குத் தள்ளிப்போனது என்று எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் வருமானம் ஏறி இறங்குவது அவர் பிரச்சினை இல்லை, அதைப் பேசாதீர்கள். போஸ்டர் தாமதமானது அவர் பிரச்சினை. கிட்டத்தட்ட இப்படிப் பேசலாம்:

"அண்ணா, ஒவ்வொரு போஸ்டருக்கும் ரேட் பேசி, மேனேஜர் ஓகே சொல்லி, நான் ஆரம்பிக்கறதுக்குள்ள பாதி நாள் போயிருதுங்க. போன ஆடியில ஆறு தடவ அப்படி லேட்டாச்சு. ஏசிக்கு ஏஎம்சி போட்ட மாதிரி இதுக்கும் போட்டுக்கலாங்களா? மாசம் 14 போஸ்டர், காலைல சொன்னா சாயங்காலம் கைல இருக்கும், 14,000. ஆடி, தீபாவளி, பொங்கல் வேலை எப்பவும் போல தனி. மூணு மாசம் பாருங்க, சரிப்படலைன்னா பழையபடியே போலாம்."

ஆறு என்ற இடத்தில் உங்கள் உண்மையான எண்ணிக்கையைப் போடுங்கள். பேசி முடித்ததும் அமைதியாக இருங்கள். நாமே அவசரப்பட்டு, 'வேணும்னா 12 பண்ணிக்கலாங்க' என்று குறைப்பதுதான் பலர் செய்யும் தப்பு.

அவர் கேட்கக்கூடியது இரண்டு. முதலாவது, "வேலை இல்லாத மாசம் எதுக்குங்க காசு?" இதற்கு, மீதியான போஸ்டரில் நான்கு வரை அடுத்த மாதத்துக்குப் போகும், அதற்கு மேல் போகாது என்று சொல்லுங்கள். வரம்பில்லாமல் சேர விட்டால் மூன்று மந்த மாதப் போஸ்டர்கள் மொத்தமாக அக்டோபரில் உங்கள் தலையில் இறங்கும். இரண்டாவது, "இதோட கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தா ஒரு ஆளையே வெச்சுக்கலாமே?" மாதம் 40 போஸ்டர் தேவைப்படும் கடை என்றால் அவர் சொல்வது நியாயம், வாதாடாதீர்கள். 14 போஸ்டருக்கு ஆள் வைத்தால் மாதத்தில் பாதி நாள் அவர் சும்மா இருப்பார்; கம்ப்யூட்டரும் சாஃப்ட்வேரும் கடைச் செலவு.

ஒப்புக்கொண்டால் அன்று மாலையே எழுத்தில் அனுப்புங்கள். ஒரு மெயில் போதும், 'சரி' என்று அவரிடமிருந்து பதில் வாங்கிவிடுங்கள். எண்ணிக்கை, திருத்தம், தனி வேலைகளின் ரேட், 30 நாள் முன்னறிவிப்பு எல்லாம் அதில் இருக்கட்டும். முக்கியமாக, பணம் முன்கூட்டி: 1-ஆம் தேதி பில், 5-ஆம் தேதிக்குள் பணம், 10-ஆம் தேதி தாண்டினால் வேலை நிற்கும். மாதக் கடைசியில் வாங்கினால் அது பழைய பில்லின் மறுபெயர்தான். இரண்டு மாதம் பாக்கி சேர்ந்த பிறகு நிறுத்தவும் மனம் வராது, கேட்கவும் வாய் வராது. முதல் மாதத்திலேயே 10-ஐத் தாண்டினால் தயங்காமல் நிறுத்துங்கள். அங்கே விட்டுக்கொடுத்தால் அப்புறம் அதுதான் வழக்கம்.

கைக்கு வரும் தொகையைப் பற்றி ஒன்று. தனித்தனி பில்லில் இதுவரை கவனிக்காமல் விட்டிருந்தாலும், மாதா மாதம் ஒரே பெயருக்குப் பணம் போனால் கடையின் ஆடிட்டர் டிடிஎஸ் பிடிக்கச் சொல்லலாம். தொழில்முறைக் கட்டணமாக எடுத்துக்கொண்டால் 10 சதவீதம். ஆக 14,000-க்கு 12,600 வரும். (ஆமாம், ஆரம்பித்த அதே எண்.) பயப்பட வேண்டாம், அந்த 1,400 உங்கள் வரிக்கணக்கில் முன்பணமாக ஏறுகிறது, வரி அவ்வளவு இல்லையென்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். உங்கள் பான் எண்ணில் வரவு ஏறியிருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒருமுறை வருமான வரித் தளத்தில் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பதும் நடக்கும்.

அவர் மறுத்துவிட்டால் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. தனி பில்லே தொடரட்டும். அன்றே வேண்டும் என்றால் போஸ்டருக்கு 300 கூடுதல் என்று மட்டும் அந்தச் சந்திப்பிலேயே சொல்லிவிட்டு வாருங்கள். சில மாதம் அந்த 300-களைக் கட்டிய பிறகு அவரே ஏஎம்சி பேச்சை எடுக்க வாய்ப்பு உண்டு.

ஐமேக்? 30 நாள் முன்னறிவிப்பில் நின்றுவிடக்கூடிய பணத்தை நம்பி 18 மாத இஎம்ஐ எடுக்காதீர்கள். மூன்று மாதச் சோதனை முடியட்டும். தீபாவளி வேலையில் தனியாக வரும் பணம் போன வருடக் கணக்குப்படி 39,000-க்கு மேல் இருக்கும். அதை முன்பணமாகப் போட்டு, மீதியை ஆறு மாதத்தில் முடிகிற மாதிரி வாங்குங்கள். அதற்குள் இந்தக் கடையைப்போலவே மாதா மாதம் வேலை தரும் இன்னொரு கஸ்டமரின் பில்களையும் இப்படிப் பிரித்துப் பார்த்துவிடலாம்.